தீற்றல், மங்கல், இரட்டைப் பட்டை: பி.சி.ஆர் ஜெல்லில் பிழை காணும் முறை

பாலிமரேஸ் தொடர்வினை, அதாவது பி.சி.ஆர், ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ துண்டைப் பல கோடி மடங்கு பெருக்கித் தரும் முறையாகும். அவ்வாறு பெருகிய துண்டு எதிர்பார்த்த நீளத்தில் இருக்கிறதா என்பதை அறிய, வினைநீரை அகரோஸ் ஜெல்லின் குழிகளில் இட்டு மின்சாரம் செலுத்துவார்கள். டி.என்.ஏ எதிர்மின் தன்மை உடையதாகையால் நேர்மின்முனையை நோக்கி நகர்கிறது. நீளமான துண்டுகள் மெதுவாகவும் குட்டையானவை விரைவாகவும் செல்வதால், ஒரே நீளமுள்ள துண்டுகள் ஓரிடத்தில் திரண்டு, சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் பார்க்கும்போது கூர்மையான ஒரு பட்டையாக ஒளிர்கின்றன. அந்தப் பட்டை தடம் நெடுக இழுபட்டுத் தீற்றலாகத் தெரிவதும், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் மங்கிப்போவதும், ஒன்று தோன்ற வேண்டிய இடத்தில் இரண்டு தோன்றுவதும் ஆய்வகங்களில் மிகுதியாகக் காணப்படும் மூன்று குறைகள். இவை ஒவ்வொன்றும் ஜெல்லிலோ, பி.சி.ஆர் வினையிலோ, மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏவிலோ தோன்றியிருக்கலாம், பிறப்பிடத்தை முதலில் தீர்மானித்துவிட்டால் திருத்தம் எளிதாகும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை.

சான்றாகக் கொள்ளப்படும் சோதனை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டை வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைப் பாதித்துவரும் கேரள வாடல் நோய், வேர் வாடல் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. 1882ஆம் ஆண்டில் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் முதன்முதலாகக் குறிக்கப்பட்ட இந்நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும், செல்சுவர் இல்லாத நுண்ணுயிரி. மரத்தின் உணவுக் குழாய்த் திசுவான புளோயத்துக்குள் மட்டும் வாழும் இதைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்துக் காட்டுவது நடைமுறையில் இயலாததால், நோயை உறுதிசெய்ய பி.சி.ஆரே முதன்மை வழியாக உள்ளது. கானோடெர்மா என்னும் பூஞ்சையால் வரும் தஞ்சாவூர் வாடல் நோய் முற்றிலும் வேறானது. அடிமரத்தில் செந்நிறச் சாறு வடிவது அதன் அடையாளம். ஓலைகள் உள்நோக்கி வளைந்து தொய்வதும் மஞ்சளாவதும் விளிம்பு கருகுவதும் கேரள வாடலின் அறிகுறிகள்.

புளோயத்தில் பைட்டோபிளாஸ்மாவின் அளவு தென்னையில் மிகக் குறைவாகவும், மரத்துக்குள் சீரற்றும் இருப்பதால், ஒரே சுற்றுப் பெருக்கத்தில் பட்டை தெரிவது அரிது. ஆகையால் முதல் சுற்றின் விளைபொருளையே இரண்டாம் சுற்றுக்கு அச்சாகக் கொடுக்கும் இருசுற்று பி.சி.ஆர் கையாளப்படுகிறது. பைட்டோபிளாஸ்மாக்களுக்குப் பொதுவான 16எஸ் ரைபோசோம் மரபணுவை அடிப்படையாகக் கொண்டு, முதல் சுற்றில் `P1`, `P7` என்னும் பிரைமர்களையும், அதாவது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளையும், இரண்டாம் சுற்றில் அவற்றுக்கு உட்புறமாகப் படியும் `R16F2n`, `R16R2` என்னும் பிரைமர்களையும் பயன்படுத்துவது உலகெங்கும் பரவலான முறை. முதல் சுற்றின் விளைபொருள் ஏறத்தாழ 1800 கார இணைகளும், இரண்டாம் சுற்றின் விளைபொருள் ஏறத்தாழ 1250 கார இணைகளும் நீளமுடையவை. மூன்று வகைக் குறைகளும் இந்த ஒரே சோதனையில் வரக்கூடியவை என்பதால் இதுவே இங்கு சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஒவ்வொரு ஜெல்லிலும் மாதிரிகளுடன் நான்கு தடங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நீளம் தெரிந்த துண்டுகள் கலந்த அளவுகோல், அதாவது லேடர், முதலாவது. பைட்டோபிளாஸ்மா உண்டென்று உறுதியான டி.என்.ஏ இட்ட நேர்க்கட்டுப்பாடு இரண்டாவது. நோயில்லாத தென்னையின் டி.என்.ஏ இட்ட எதிர்க்கட்டுப்பாடு மூன்றாவது, டி.என்.ஏவுக்கு மாற்றாகத் தூய நீர் இட்ட வெற்றுக்கட்டுப்பாடு நான்காவது.

முதலில் படிக்க வேண்டியது அளவுகோல் தடம்

லேடர் பி.சி.ஆர் வழியாக வந்ததன்று; அது குப்பியிலிருந்து நேரடியாக ஜெல்லுக்குச் செல்வது. ஆகவே லேடரும் தீற்றலாகவோ மங்கலாகவோ இரட்டையாகவோ தெரிந்தால், குறை பெரும்பாலும் ஜெல்லிலோ மின்னோட்டத்திலோ சாயத்திலோதான் இருக்கும். அந்நிலையில் பிரைமரையும் வெப்பநிலையையும் மாற்றுவது வீண். லேடர் கூர்மையாக இருந்து, நேர்க்கட்டுப்பாடு உட்பட எல்லா பி.சி.ஆர் தடங்களும் கெட்டிருந்தால் குறை வினையில் இருக்கிறது. லேடரும் நேர்க்கட்டுப்பாடும் சரியாக இருந்து மாதிரித் தடங்கள் மட்டும் கெட்டிருந்தால் குறை அந்த மாதிரிகளின் டி.என்.ஏவில் இருக்கிறது. இந்த வரிசையில் படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் வினையைத் திருத்தப் புகுந்தால் நாள்கள் வீணாகும்.

லேடரும் கெட்டிருந்தால் பார்க்க வேண்டியவை சிலவே. 1250 கார இணைத் துண்டுக்கு 1 சதவீத ஜெல், அதாவது 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு 1 கிராம் அகரோஸ், போதுமானது. அந்தக் கரைசல் டிரிஸ், அசெட்டேட், ஈ.டி.டி.ஏ கலந்த டி.ஏ.ஈ பஃபராக இருக்க வேண்டும். அவசரத்தில் வெறும் நீரில் அகரோஸை உருக்கி வார்த்துவிடுவது உண்டு. அப்படி வார்த்த ஜெல்லுக்குள் அயனிகள் இல்லாததால் டி.என்.ஏ ஒழுங்கின்றி நகர்ந்து பட்டைகள் உருக்குலைகின்றன. தொட்டியிலுள்ள பஃபரும் ஜெல்லுக்குள் உள்ள பஃபரும் ஒரே செறிவில் இருக்க வேண்டும். டி.ஏ.ஈ பஃபரின் தாங்குதிறன் குறைவு; ஒரே பஃபரைப் பலமுறை ஓட்டினால் இரு முனைகளிலும் அமில, காரத் தன்மை மாறுபட்டுப் பட்டைகள் பரவுகின்றன.

மின்னழுத்தத்தை ஜெல்லின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுவது பொதுவான பிழை. கணக்கில் வர வேண்டியது இரு மின்முனைகளுக்கும் இடையிலான தூரம். அது 15 சென்டிமீட்டரானால், சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்ற அளவில் 75 வோல்ட் போதும். நேரத்தை மிச்சப்படுத்த 150 வோல்ட் வைத்தால் ஜெல் சூடாகி, ஓரத் தடங்கள் பின்தங்கி நடுத் தடங்கள் முந்தும். கொங்கு வட்டாரத்தின் கோடைப் பகலில் குளிரூட்டி இல்லாத அறையில் இது இன்னும் விரைவாக நேரும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் நின்று, ஜெல் நெடுநேரம் தொட்டியிலேயே கிடந்தாலும், துண்டுகள் தானாகப் பரவிப் பட்டைகள் விளிம்பு மழுங்கித் தடித்துவிடும். லேடர் உட்பட எல்லாத் தடங்களிலும் ஒவ்வொரு பட்டையும் ஒரே இடைவெளியில் இரட்டித்திருந்தால், ஜெல் முழுதும் உறைவதற்கு முன் சீப்பு அசைந்ததா, படம் எடுக்கும்போது ஜெல் நகர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மங்கிய பட்டை

ஜெல் முழுதும் லேடருடன் சேர்ந்து மங்கியிருந்தால் சாயத்தை ஐயுற வேண்டும். எத்திடியம் புரோமைடு டி.என்.ஏவின் அடுத்தடுத்த கார இணைகளுக்கு இடையே புகுந்து ஒளிர்வது; வழக்கமான செறிவு மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். வெளிச்சத்தில் வைத்திருந்த பழைய கரைசல் வலுவிழந்திருக்கும். ஜெல்லிலேயே சாயத்தைக் கலந்து வார்த்திருந்தால், சாயம் நேர்மின் தன்மை உடையதாகையால் டி.என்.ஏவுக்கு எதிர்த்திசையில் நகர்கிறது. நீண்ட நேரம் ஓட்டிய ஜெல்லின் அடிப்பகுதியில் சாயம் குறைந்து, அங்குள்ள சிறு துண்டுகள் மட்டும் மங்கித் தெரிவது இதனாலேயே. ஓட்டி முடித்த ஜெல்லை அதே செறிவுள்ள சாயக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு நீரில் கால் மணி நேரம் அலசினால் இக்குறை நீங்கும். எத்திடியம் புரோமைடு மரபுப்பொருளைப் பாதிக்கக்கூடியதாகையால் கையுறையும் தனிக் கழிவுக் கலமும் இன்றியமையாதவை.

லேடர் ஒளிர்ந்து நேர்க்கட்டுப்பாடும் மங்கியிருந்தால் குறை வினைக்கலவையில் உள்ளது. பலமுறை உறைந்து உருகிய நியூக்ளியோடைடு கரைசல், மெக்னீசியம் குளோரைடை நன்கு கலக்காமல் குப்பியின் மேற்புறத்திலிருந்து எடுத்தது, அறை வெப்பத்தில் கிடந்த டாக் பாலிமரேஸ் நொதி ஆகியவை வழக்கமான காரணங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் வினை சரியாகிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போகும். நேர்க்கட்டுப்பாட்டை மட்டும் வைத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பொருளை மட்டும் புதியதாக மாற்றி மூன்று நான்கு குழாய்களை ஒன்றாக ஓட்டுவதே சிக்கனமான வழி.

மாதிரிகள் மட்டும் மங்கியிருக்கும் நிலைதான் தென்னையில் அடிக்கடி வருவது. இதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரு காரணங்கள் உண்டு. ஒன்று, அச்சு டி.என்.ஏ உண்மையிலேயே மிகக் குறைவாக இருப்பது. மற்றொன்று, ஓலைத் திசுவிலிருந்து டி.என்.ஏவுடன் சேர்ந்து வந்த பாலிசாக்கரைடுகளும் பாலிஃபீனால்களும் நொதியின் செயலைத் தடுப்பது. ஜெல்லில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய மாதிரி டி.என்.ஏவைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து முதல் சுற்றிலிருந்து மீண்டும் ஓட்ட வேண்டும். நீர்த்தபோது பட்டை வலுத்தால் தடுப்புப் பொருள் உண்டு என்று பொருள், ஏனெனில் டி.என்.ஏவுடன் தடுப்பானும் நீர்த்துப்போயிற்று. நீர்த்தபோது பட்டை மறைந்தால் அச்சு குறைவு என்று பொருள். இன்னும் உறுதி வேண்டுமானால், நேர்க்கட்டுப்பாட்டின் டி.என்.ஏவைச் சிறிதளவு அந்த மாதிரியுடன் ஒரே குழாயில் கலந்து ஓட்டலாம். தனியே ஒளிர்ந்த கட்டுப்பாடு மாதிரியுடன் சேர்ந்ததும் மங்கினால் தடுப்பான் இருப்பது ஐயமின்றித் தெளிவாகும்.

தடுப்பான் என்று தெரிந்தால், வினையில் மைக்ரோலிட்டருக்கு 0.1 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை மாட்டு சீரம் ஆல்புமின் சேர்ப்பது பாலிஃபீனால்களை ஓரளவு பிடித்துவைக்கும். பிரித்தெடுப்பு நிலையிலேயே, சி.டி.ஏ.பி முறையில் 1.4 மோலார் உப்பும், பாலிவினைல்பிரோலிடோனும், மெர்காப்டோ எத்தனாலும் சேர்ப்பது மேலானது. அச்சு குறைவு என்று தெரிந்தால் சுற்றுகளைக் கூட்டுவதை விட மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றுவதே பயன் தரும்: முற்றிய ஓலையின் நுனியை விட்டு, குருத்தை அடுத்த இளம் ஓலையின் நடுநரம்புப் பகுதியில் புளோயம் செறிந்த திசுவை, ஒரே மரத்தில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்.

நேர்க்கட்டுப்பாட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. பல ஆய்வகங்களில் கத்தரிச் சிற்றிலை நோய், எள் பூவிலை நோய் ஆகியவை கண்ட செடிகளின் டி.என்.ஏவே நேர்க்கட்டுப்பாடாக வைக்கப்படுகிறது. அவற்றிலும் பைட்டோபிளாஸ்மாவே உள்ளது, அதே பிரைமர்கள் ஏறத்தாழ அதே நீளப் பட்டையைத் தருகின்றன. ஆனால் அச்செடிகளில் நுண்ணுயிரியின் அளவு தென்னையைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. அவ்வாறான கட்டுப்பாடு நொதி பாதி கெட்ட நிலையிலும் பளிச்சென்று ஒளிரும். ஆகவே தென்னையில் எதிர்பார்க்கும் அளவுக்கு அதை நீர்த்துவைத்த ஒரு குழாயையும் உடன் ஓட்டினால்தான் வினையின் உண்மையான உணர்திறன் தெரியவரும்.

தீற்றல்

தீற்றல் தொடங்கும் இடமே அதன் காரணத்தைக் காட்டுகிறது. குழியிலிருந்தே தொடங்கித் தடம் நெடுக இறங்குவதும் குழி தானே ஒளிர்வதும் அச்சு டி.என்.ஏ அளவுக்கு மீறி இட்டதன் அடையாளம். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு 20 முதல் 50 நானோகிராம் தென்னை டி.என்.ஏ போதுமானது, செறிவை அளக்காமல் 2 மைக்ரோலிட்டர் என்று கண்மதிப்பில் இட்டால் 500 நானோகிராமுக்கு மேலும் சென்றுவிடலாம். அச்சிலிருந்து வந்த தீற்றலா, பெருக்கத்தில் உண்டான தீற்றலா என்பதை அறிய, பெருக்காத அதே டி.என்.ஏவை அதே அளவில் பக்கத்துத் தடத்தில் இட்டு ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் தீற்றினால் பி.சி.ஆருக்கு அதில் பங்கில்லை.

எதிர்பார்த்த பட்டைக்கு மேலும் கீழும் புகைபோல் பரவிய தீற்றல் பெருக்கத்தில் பிறந்தது. இருசுற்று முறையில் இதற்கு இயல்பாகவே இடமுண்டு. முதல் சுற்றில் 35 சுழற்சிகள் ஓடிய வினைநீரை நீர்க்காமல் எடுத்து, இரண்டாம் சுற்றில் மேலும் 35 சுழற்சிகள் ஓட்டினால், அச்சு மிகுந்திருப்பதால் பாதி வழியிலேயே பிரைமர்கள் தீர்ந்துபோகின்றன. அதன் பிறகும் சூடாகிக் குளிர்ந்துகொண்டே இருக்கும்போது, பெருகிய இழைகள் பிரைமர் இல்லாத நிலையில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாகப் படிந்து, அவையே பிரைமராகச் செயல்பட்டு, ஒழுங்கற்ற நீளங்களில் நீள்கின்றன. முதல் சுற்றின் நீரை 30 முதல் 50 மடங்கு நீர்த்து 1 மைக்ரோலிட்டர் இடுவதும், இரண்டாம் சுற்றை 25 அல்லது 30 சுழற்சிகளோடு நிறுத்துவதும் திருத்தம். இந்த இரண்டில் எது தேவை என்பதை அறிய, ஒரே மாதிரியை ஐந்து குழாய்களில் இட்டு 20, 25, 30, 35 சுழற்சிகளில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒரே ஜெல்லில் ஓட்டலாம். ஐந்தாவது குழாய் 50 மடங்கு நீர்த்த அச்சுடன் 35 சுழற்சிகளும் ஓட வேண்டும். பட்டை கூர்மையாக இருக்கும் கடைசிச் சுழற்சியே அந்தச் சோதனைக்கு உரிய எல்லை.

பட்டைக்குக் கீழே மட்டும் வால்போல் நீளும் தீற்றல், குழியில் விளைபொருளை மிகுதியாக இட்டதாலோ டி.என்.ஏ சிதைந்ததாலோ வரும். 5 மைக்ரோலிட்டருக்கு மாறாக 2 மைக்ரோலிட்டர் இட்டு ஓட்டினால் வால் மறைகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. மறைந்தால் அளவு மிகுதி. மறையாமல் பட்டையும் வாலும் சேர்ந்தே மங்கினால் சிதைவு. ஜெல் ஓட்டும் முன்பே சேர்த்த சில சாயங்கள் டி.என்.ஏ மிகுந்த தடங்களில் இதே வாலை உண்டாக்குவதுண்டு. அப்போது ஓட்டிய பின் சாயமேற்றினால் வேறுபாடு தெரியும்.

வெற்றுக்கட்டுப்பாட்டிலும் தீற்றலோ பட்டையோ தெரிந்தால் ஜெல்லின் மற்ற எந்தத் தடத்துக்கும் பொருள் கூறக்கூடாது. இரண்டாம் சுற்றுக்காக முதல் சுற்றின் குழாய்களைத் திறக்கும் நொடியில் கோடிக்கணக்கான பிரதிகள் கொண்ட நுண்துளிகள் காற்றில் பரவ வாய்ப்புண்டு. கலவை தயாரிக்கும் மேசையும் பிப்பெட்டும் ஒருபுறமும், முதல் சுற்று விளைபொருளைக் கையாளும் மேசையும் பிப்பெட்டும் மறுபுறமுமாகப் பிரிந்திருப்பது இதனாலேயே கட்டாயமாகிறது.

இரட்டைப் பட்டை

மூன்று குறைகளில் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவது இதுவே. 1250 கார இணைப் பட்டைக்குச் சற்று மேலே ஏறத்தாழ 1400இல் இன்னொன்று தெரிந்தால், பிரைமர்கள் வேண்டாத இடத்தில் படிந்துவிட்டன என்று கருதிப் படிவு வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி உயர்த்துவது வழக்கம். ஆனால் இருசுற்று முறையில் இந்த மேற்பட்டை பெரும்பாலும் முதல் சுற்றின் எச்சம். முதல் சுற்றில் செலவாகாமல் மிஞ்சிய `P1` பிரைமர், 1 மைக்ரோலிட்டர் நீருடன் சேர்ந்து இரண்டாம் சுற்றுக்குள் வந்து, அங்குள்ள `R16R2` பிரைமருடன் இணைந்து 1400 நீளத்தில் ஒரு துண்டைப் பெருக்குகிறது. அதேபோல் மிஞ்சிய `P7`, `R16F2n` பிரைமருடன் இணைந்தால் ஏறத்தாழ 1650 நீளத்தில் ஒரு பட்டை வரும். `P1` தனக்குரிய இடத்தில்தான் சரியாகப் படிகிறது. ஆகவே வெப்பநிலையை உயர்த்தினாலும் அது விலகாது, 1250 பட்டையே முதலில் மெலியக்கூடும்.

எச்சம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். முதல் சுற்றின் 25 மைக்ரோலிட்டரில் ஒவ்வொரு பிரைமரும் 10 பிகோமோல் இருந்து, அதில் சிறிதே செலவாகியிருந்தால், நீர்க்காமல் எடுத்த 1 மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 0.4 பிகோமோல் `P1` இருக்கும். ஒரு கார இணையின் எடை ஏறத்தாழ 650 என்று கொண்டால், அது முழுதும் 1400 நீளத் துண்டாக மாறும்போது உண்டாகும் எடை இது:

```
0.4 × 1400 × 650 = 364000 pg = 364 ng
364 × 5/25 = 73 ng
73 / 30 = 2.4 ng
```

25 மைக்ரோலிட்டரில் 364 நானோகிராம் என்றால், ஜெல்லில் இடும் 5 மைக்ரோலிட்டரில் 73 நானோகிராம். அது பளிச்சென்ற பட்டை. முதல் சுற்றின் நீரை 30 மடங்கு நீர்த்தால் அது 2.4 நானோகிராமாகி, எத்திடியம் புரோமைடில் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பிரைமர் முழுதும் துண்டாக மாறுவதில்லையாகையால் இவை உச்ச மதிப்புகள். ஆயினும் நீர்ப்பது மட்டுமே ஏன் போதுமான திருத்தமாகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

காரணத்தை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் சுற்றின் ஒரு குழாயில் `R16R2` பிரைமரை மட்டும் இட்டு, `R16F2n` பிரைமரை விட்டுவிட வேண்டும். ஒற்றைப் பிரைமரால் மடங்கு பெருக்கம் நடவாது. அந்தக் குழாயிலும் 1400 பட்டை தோன்றினால் அதன் இணை முதல் சுற்றிலிருந்து வந்த `P1` என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. பட்டை தோன்றாமல், இரு பிரைமர்களும் உள்ள குழாயில் மட்டும் தோன்றினால், அது வேண்டாத இடத்தில் படிந்ததன் விளைவாக இருக்கலாம்; அப்போதுதான் படிவு வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரியாக உயர்த்திப் பார்ப்பதற்குப் பொருள் உண்டு.

1250க்கும் 1400க்கும் இடைவெளி 150 கார இணைகளே என்பதால் 1 சதவீத ஜெல்லில் பாதி தூரம் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே தடித்த பட்டையாகத் தெரியும், 1.5 சதவீத ஜெல்லில், புரோமோபீனால் நீலம் மூன்றில் இரண்டு பங்கு தூரம் தாண்டும் வரை ஓட்டிய பிறகே பட்டை ஒன்று என்றோ இரண்டு என்றோ கூற வேண்டும். பைட்டோபிளாஸ்மாவில் ரைபோசோம் மரபணுத் தொகுதி இரண்டு உண்டு. அவற்றுக்கிடையே சில எழுத்துகள் வேறுபடினும் நீளம் பெரிதும் மாறுவதில்லை, ஆகவே அகரோஸ் ஜெல்லில் தெளிவாகப் பிரிந்த இரு பட்டைகளுக்கு அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

ஒரு ஜெல்லைப் படித்தல்

மேற்கூறியவற்றைச் சேர்த்துப் பார்க்க, எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு ஜெல்லை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். முதல் தடத்தில் லேடர் கூர்மையாக உள்ளது. இரண்டாம் தடத்தில் நேர்க்கட்டுப்பாடு 1250இல் வலுவாகவும் 1400இல் மெலிதாகவும் ஒளிர்கிறது. மூன்றாம் தடத்தில் நோயற்ற தென்னையும் நான்காம் தடத்தில் நீரும் பட்டையின்றி உள்ளன. ஐந்து முதல் எட்டு வரை ஒரே தோப்பின் நான்கு மரங்கள்: ஐந்தாவதில் குழியிலிருந்து அடிவரை தீற்றல், ஆறாவதில் 1250இல் மங்கிய பட்டை, ஏழாவதில் 1250, 1400 ஆகிய இரு பட்டைகள், எட்டாவதில் எதுவும் இல்லை.

லேடர் கூர்மையாக இருப்பதால் ஜெல்லில் குறையில்லை. நீர்த் தடம் வெறுமையாக இருப்பதால் கலப்பில்லை. ஏழாம் மரத்தின் இரட்டைப் பட்டை நேர்க்கட்டுப்பாட்டிலும் இருப்பதால் அது மரத்தின் இயல்பு அன்று, முதல் சுற்றின் எச்சம். 30 மடங்கு நீர்த்து இரண்டாம் சுற்றை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். ஐந்தாம் மரத்தின் டி.என்.ஏவைப் பெருக்காமல் ஓட்டியபோதும் அதே தீற்றல் தெரிந்தால், செறிவை அளந்து 50 நானோகிராமுக்குக் குறைத்து முதல் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஆறாம் மரத்தைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டியபோது பட்டை வலுத்தால் தடுப்பானும், மறைந்தால் அச்சுக் குறைவும் காரணம். மறைந்தால் அதே மரத்தின் வேறொரு ஓலையிலிருந்து புதிய டி.என்.ஏ எடுத்து இரண்டு முறை ஓட்ட வேண்டும். எட்டாம் மரத்தை நோயற்றது என்று கூறுவதற்கு முன், தென்னையின் சொந்த மரபணு ஒன்றுக்கான பிரைமர்களைக் கொண்டு அதே டி.என்.ஏவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த மரபணுவும் பெருகவில்லை என்றால் டி.என்.ஏவே பி.சி.ஆருக்குத் தகுதியற்றது, அந்த வெறுமைக்குப் பொருள் எதுவும் இல்லை.

இவ்வாறு நான்கு மரங்களுக்கும் நான்கு வெவ்வேறு திருத்தங்கள் வேண்டியிருக்கின்றன. நான்கையும் ஒரே புதிய கலவையில், ஒரே புதிய வெப்பநிலையில் மீண்டும் ஓட்டியிருந்தால் ஐந்தாவதும் ஏழாவதும் அப்படியே கெட்டிருக்கும்.

கூர்மையான பட்டையின் எல்லை

குறைகள் எல்லாம் நீங்கி 1250இல் ஒரே கூர்மையான பட்டை வந்த பிறகும், அது துண்டின் நீளத்தை மட்டுமே கூறுகிறது. 16எஸ் மரபணு எல்லா பாக்டீரியாக்களிலும், தாவரத்தின் பசுங்கணிகத்திலும் உண்டு. பொதுப் பிரைமர்கள் சில வேளைகளில் ஓலையின் மேற்பரப்பில் வாழும் பிற பாக்டீரியாக்களிலிருந்தும் அதே நீளத் துண்டைப் பெருக்கிவிடுகின்றன. ஆகவே ஒரு தோப்பில் முதன்முதலாகக் கிடைக்கும் நேர்முடிவை, பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டிச் சுத்திகரித்து வரிசை வாசித்த பின்னரே உறுதிசெய்ய வேண்டும். இந்தியத் தென்னையின் வேர் வாடல் நோயில் 16எஸ் தொகுதியின் பதினோராம் பிரிவைச் சேர்ந்த பைட்டோபிளாஸ்மா கண்டறியப்பட்டுள்ளதால், வாசித்த வரிசையை அப்பிரிவுடன் ஒப்பிடலாம். வரிசை வாசிப்புக்கு அனுப்பும் துண்டில், பிரைமர்கள் வேண்டாத இடத்தில் படிந்து உண்டான பட்டையின் எச்சம் கலந்திருந்தால் இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால், இரட்டைப் பட்டையைத் தீர்ப்பது படத்தின் அழகுக்காக மட்டும் அன்று.

நோய் முற்றி, ஆண்டுக்கு 10 காய்களுக்கும் குறைவாகத் தரும் மரங்களை அகற்றுவதே பரிந்துரை. அறிகுறி தெளிவற்ற மரத்தைப் பொறுத்தவரை ஆய்வக அறிக்கையே முடிவுக்குத் துணையாக வருவதால், அறிக்கையில் நேர்முடிவு, எதிர்முடிவு என்னும் இரண்டுடன் ‘முடிவு கூற இயலாது, மறுமாதிரி தேவை’ என்னும் மூன்றாவது வகைக்கும் இடம் வைக்க வேண்டும். தீற்றலாகவே நின்றுவிட்ட மாதிரியும், தென்னையின் சொந்த மரபணுவும் பெருகாத மாதிரியும், இருமுறை ஓட்டியதில் ஒருமுறை மட்டும் மங்கலாகத் தெரிந்த மாதிரியும் அந்த மூன்றாவது வகையிலேயே சேர்க்கப்பட வேண்டும்.